வைரஸ் கண்ணில் படவில்லை, ஆனால் சிடி4 403-இலிருந்து 289: மருந்து தோற்கிறதா?

14 மார்ச் 2025, இரவு 11.20 · செந்தூல்காரன்

நேற்று எச்ஐவி ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்கினேன். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோடு எப்போதும்போல கண்டறிய முடியாத அளவு. மூன்று வருடமாக அப்படித்தான் வருகிறது. ஆனால் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கையான சிடி4 போன ஆகஸ்டில் 403 இருந்தது, இப்போது 289. டாக்டர் மாற்றலாகி வந்த புதியவர். தாளைப் பார்த்தார், "வைரல் லோடு நல்லா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார், அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை. பார்மசி வரிசையில் உட்கார்ந்து தாளை மறுபடி பார்த்தபோதுதான் அந்த 289 உறைத்தது.

2021-இல் எனக்குத் தெரியவந்தபோது சிடி4 212. முதலில் எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை. ராத்திரி தலைசுற்றும், விடிய விடியக் கனவு வரும். அப்புறம் டொலுடெக்ராவிர் சேர்ந்ததற்கு மாற்றினார்கள். சிடி4 ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இறங்கியது இதுதான் முதல் தடவை. மாத்திரை ஒருநாள்கூடத் தவறவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போன அன்றும் பையில் இருந்தது.

மனைவிக்குத் தொற்று இல்லை. குழந்தைக்கு முயலலாம் என்று இந்த வருடம்தான் முடிவெடுத்தோம். நேற்று இரவு அவள் கேட்டாள்: "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா, எனக்கு வர்ற ஆபத்து கூடுமா?" என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

15 மார்ச், காலை 7.05 · கிள்ளான் 77

289 என்பது 350-க்குக் கீழே. 350-க்குக் கீழே போனால் ஆபத்து வட்டம் என்று எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். வைரல் லோடு சும்மா ஒரு கணக்கு, உடம்பைக் காப்பது சிடி4தான். மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள் அண்ணே. அதுவரை பப்பாளி இலைச் சாறு குடியுங்கள். டெங்கி வந்தபோது எனக்கு ரத்த அணு அதில்தான் ஏறியது. கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் எடுங்கள்.

15 மார்ச், காலை 10.40 · பட்டர்வொர்த் அக்கா

தம்பி, நான் பினாங்கில் லேபில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் இந்த ரத்தக் குழாய்கள் என் கையில்தான் ஓடின.

முதலில் உங்கள் வீட்டம்மாவின் கேள்வி. தொற்றுவது வைரஸ். சிடி4 தொற்றாது. சிடி4 ஆயிரம் இருந்து வைரல் லோடு இரண்டு லட்சம் இருப்பவரிடமிருந்து தொற்றும். சிடி4 நூறு இருந்து வைரல் லோடு அடங்கியே இருப்பவரிடமிருந்து உடலுறவில் தொற்றாது. 2016-இல் வெளிவந்த பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 888 ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆணுறை இல்லாமல் ஏறக்குறைய 58,000 முறை. துணையிடமிருந்து வந்த தொற்று பூஜ்யம். அதில் வைரல் லோடுக்கு வைத்திருந்த கோடு ஒரு மில்லிக்கு 200 பிரதி. சிடி4-க்குக் கோடு எதுவும் வைக்கவில்லை.

அடுத்து மருந்து. மருந்து தோற்கும்போது முதலில் வைரல் லோடுதான் ஏறும். சிடி4 சரிவது அதற்குப் பின்னால், வாரங்களோ மாதங்களோ கழித்து. உங்கள் தாளில் முன்னால் வரவேண்டியது வரவே இல்லை. அப்படியிருக்க, பின்னால் வரவேண்டியது மட்டும் வந்திருக்கிறது என்றால், காரணத்தை மருந்தில் தேடுவதற்கு முன் ரத்தம் எடுத்த அன்று என்ன நடந்தது என்று தேட வேண்டும்.

மூன்று எண் கொடுங்கள். இரண்டு தாளிலும் சிடி4 பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும், அது. அதே நாள் எடுத்த முழு ரத்த எண்ணிக்கையில் மொத்த வெள்ளணு. அதற்குள் லிம்போசைட் எத்தனை சதவீதம் என்பது.

கிள்ளான் தம்பிக்கு: 350 பொய் இல்லை, பழையது. எப்போது மருந்து தொடங்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வைத்த கோடு அது. 2013-இல் 500 ஆக்கினார்கள். 2015-இல் கோட்டையே எடுத்துவிட்டார்கள், எண் எதுவானாலும் உடனே தொடங்கு என்று. மருந்தில் இருப்பவருக்கு மருந்தை மாற்றச் சொல்லும் கோடு இல்லை அது. வைரஸ் அடங்கியிருக்கும்போது மருந்தை மாற்றினால் சிடி4 ஏறும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. இரும்பு மாத்திரை விஷயத்தில் மட்டும் கவனம். டொலுடெக்ராவிரை வெறும் வயிற்றில் இரும்போடு சேர்த்து விழுங்கினால் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரும் மருந்து பாதியாகக்கூடக் குறையும். சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். இல்லையென்றால் டொலுடெக்ராவிரை இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ எடுக்க வேண்டும்.

15 மார்ச், மதியம் 1.15 · கிள்ளான் 77

இரும்பு விஷயம் எனக்கே தெரியாது அக்கா. நான் இரண்டு மாதமாக விடிகாலையில் இரண்டையும் சேர்த்துத்தான் போடுகிறேன். இன்றிலிருந்து சோற்றோடு.

15 மார்ச், இரவு 9.50 · செந்தூல்காரன்

அக்கா, உங்கள் முதல் பத்தியை அப்படியே மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

தாள்களைத் தேடி எடுத்தேன். ஆகஸ்ட்: வெள்ளணு 6.1, லிம்போசைட் 30%, சிடி4 22%, எண்ணிக்கை 403. பிப்ரவரி: வெள்ளணு 7.4, லிம்போசைட் 17%, சிடி4 23%, எண்ணிக்கை 289.

எனக்குக் குழப்பம் கூடித்தான் போயிருக்கிறது. வெள்ளணு குறையவில்லை, கூடியிருக்கிறது. சிடி4 சதவீதமும் ஒன்று கூடியிருக்கிறது. இரண்டும் கூடினால் எண்ணிக்கை எப்படிக் குறையும்? 7.4 என்றால் 7,400. அதில் 23 சதவீதம் 1,702 வருகிறது. லேபில் தப்பாக அடித்துவிட்டார்களா?

15 மார்ச், இரவு 10.30 · பூச்சோங் அப்பா

எனக்கும் போன மாதம் வைரல் லோடு கண்டறிய முடியவில்லை என்று வந்தது. ஐந்து வருடமாக டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன். வைரஸ் இல்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாம் அல்லவா? என்னிடம் யாரும் சிடி4 எடுக்கச் சொன்னதே இல்லை. எனக்கு இருப்பது ஹெபடைட்டிஸ் பி.

16 மார்ச், காலை 8.20 · பட்டர்வொர்த் அக்கா

பூச்சோங் ஐயா, உங்களுடையது வேறு நோய், வேறு வைரஸ். ஒரே மாத்திரை இரண்டுக்கும் வேலை செய்வதால் பெயர் ஒன்றாகத் தெரிகிறது. ஹெபடைட்டிஸ் பி-க்கு சிடி4 பார்ப்பதில்லை, அதனால்தான் கேட்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொருந்தும். கண்டறிய முடியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, மருந்து அடக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். டெனோஃபோவிரை நீங்களாக நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று கொதித்தெழும், உயிருக்கே ஆபத்தாகலாம். கல்லீரல் டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையும் குறைக்காதீர்கள்.

செந்தூல் தம்பி, லேப் தப்பாக அடிக்கவில்லை. சிடி4-இன் 23% மொத்த வெள்ளணுவில் இல்லை, லிம்போசைட்டில் 23%. இரண்டு படியாகப் போக வேண்டும். பிப்ரவரியில் 7,400-இல் 17 சதவீதம் லிம்போசைட், அது 1,258. அந்த 1,258-இல் 23 சதவீதம் 289. ஆகஸ்டில் 6,100-இல் 30 சதவீதம் 1,830. அதில் 22 சதவீதம் 403.

இப்போது பாருங்கள் எது மாறியது என்று. வைரஸ் சிடி4 என்னும் உதவி டி அணுக்களைக் குறிவைத்துக் கொன்றால், லிம்போசைட் கூட்டத்துக்குள் அவற்றின் பங்கு குறையும். அதாவது சதவீதம் விழும். உங்கள் சதவீதம் விழவில்லை. கூட்டம் முழுவதுமே 1,830-இலிருந்து 1,258 ஆகச் சுருங்கியிருக்கிறது, சிடி4-உம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சுருங்கியிருக்கிறது.

வெள்ளணு ஏறி லிம்போசைட் மட்டும் இப்படி இறங்கும் படத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் எடுத்த வாரம் காய்ச்சலா? ஆஸ்துமாவுக்கோ இருமலுக்கோ ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?

16 மார்ச், மாலை 6.10 · செந்தூல்காரன்

ஆமாம். உட்கார்ந்து நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். தைப்பூசம் பிப்ரவரி 11. கூட்டத்தில் யாரிடமோ ஒட்டிக்கொண்டது, 15-ஆம் தேதி காய்ச்சல், அப்புறம் மூச்சில் விசில் சத்தம். 17-ஆம் தேதி வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் மருந்து வாங்கினேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தது 20-ஆம் தேதி. தேதியைத் தவறவிடக் கூடாது என்று இருமிக்கொண்டே போனேன்.

கிளினிக் கொடுத்த பிளாஸ்டிக் பை இன்னும் அலமாரியில் இருந்தது. ஒன்று காய்ச்சலுக்கு. ஒன்று இருமல் சிரப். இன்னொன்றில் ப்ரெட்னிசொலோன் 5 மில்லிகிராம், காலையில் ஆறு மாத்திரை, ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறது.

16 மார்ச், இரவு 7.45 · பட்டர்வொர்த் அக்கா

அதுதான். ப்ரெட்னிசொலோன் ஸ்டீராய்டு. நாளைக்கு 30 மில்லிகிராம், ரத்தம் எடுத்தது நாலாம் நாள். ஸ்டீராய்டு போட்ட சில மணி நேரத்தில் லிம்போசைட்கள் ரத்தத்தை விட்டு எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு என்று ஒதுங்கிக்கொள்ளும். அவை சாகவில்லை, இடம் மாறுகின்றன. குழாயில் வருவது ரத்தத்தில் ஓடுபவை மட்டும்தான். அதே நேரம் வேறு வகை வெள்ளணுக்கள் ரத்தத்துக்குள் வந்து சேரும், அதனால் மொத்தம் ஏறும். உங்கள் 7.4-உம் 17%-உம் அதே படம்.

ஆனால் ஸ்டீராய்டு மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். காய்ச்சலே இதைச் செய்யும். இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

16 மார்ச், இரவு 11.30 · செந்தூல்காரன்

மனசு கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. காரணம் கிடைத்ததால் அதுதான் காரணம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேனோ? 114 குறைந்திருக்கிறது. இது சின்ன எண் இல்லையே.

17 மார்ச், காலை 9.00 · பட்டர்வொர்த் அக்கா

கேட்க வேண்டிய கேள்விதான். 403-இல் 114 என்றால் 28 சதவீதம். டாக்டர்கள் எண்ணிக்கையில் சுமார் 30 சதவீதம் மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுப்பார்கள். சதவீதம் என்றால் மூன்று புள்ளி மாற வேண்டும். உங்கள் எண்ணிக்கை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, சதவீதம் கிட்டவே போகவில்லை. எனக்கு இரண்டில் எதை நம்புவாய் என்றால் சதவீதத்தைத்தான் நம்புவேன், அது அவ்வளவு ஆடாது.

எண்ணிக்கை எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உடம்பில் எந்தக் குறையும் இல்லாதவருக்கே மதியம் எடுத்தால் குறைவாகவும், ராத்திரி எட்டு மணி வாக்கில் எடுத்தால் கூடுதலாகவும் வரும். காலையில் ஒரு தடவை, அடுத்த தடவை மதியம் சாப்பாட்டு நேரம் என்று எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வீண் கவலைதான். இன்னொன்று, சிடி4 குழாயை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெளி கிளினிக்கிலிருந்து குளிர்ப்பெட்டியில் ஐஸோடு வந்த குழாய்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த நோயாளிகள் மறுபடி கை நீட்ட வேண்டியிருந்தது. எனக்கு அது எப்போதும் கஷ்டமாக இருக்கும், ஆனால் தப்பான எண்ணை அனுப்பி ஒருவரின் தூக்கத்தைக் கெடுப்பதைவிட அது மேல்.

காரணம் சரியா என்று தெரிய ஒரே வழி, உடம்பு தேறிய பிறகு மறுபடி எடுப்பது. ஸ்டீராய்டு நின்றால் இரண்டொரு நாளிலேயே லிம்போசைட் திரும்பும், காய்ச்சலுக்கும் சேர்த்து நாலு வாரம் விடுங்கள். டாக்டரிடம் அந்தப் பிளாஸ்டிக் பையைக் காட்டிக் கேளுங்கள். மறுபடியும் குறைவாக வந்தாலோ, சதவீதமும் விழுந்தாலோ, அப்போது காசநோய் மாதிரி வேறு எதையும் தேட வேண்டியிருக்கும்.

17 மார்ச், இரவு 8.15 · பட்டர்வொர்த் அக்கா

நேற்றுச் சொன்னதில் ஒரு திருத்தம். அந்தப் பெருக்கல் கணக்கு பழைய முறை. இப்போது நிறைய லேபில் எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளை ரத்தத்தோடு கலந்து, ஒரே குழாயில் நேரடியாகவே சிடி4-ஐ எண்ணிவிடுகிறார்கள். அங்கே பெருக்கிப் பார்த்தால் அச்சொட்டாக வராது, வரவில்லை என்று பயப்பட வேண்டாம். உங்கள் தாளில் ஒத்துவந்தது, அதனால் பழைய முறையாக இருக்கும். எந்த முறையானாலும் கூட்டம் சுருங்கினால் எண் சுருங்கும்.

19 மார்ச், இரவு 10.05 · பங்சார் நடப்பவன்

செந்தூல், ஆகஸ்ட் தாளையும் பிப்ரவரி தாளையும் பக்கத்தில் வைத்து வைரல் லோடு வரியைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே சொற்களா?

19 மார்ச், இரவு 11.00 · செந்தூல்காரன்

இல்லை! இப்போதுதான் கவனிக்கிறேன். ஆகஸ்டில் `Target Not Detected`. பிப்ரவரியில் `<20 copies/mL`. நான் இரண்டையும் ஒன்று என்று எழுதிவிட்டேன். அப்படியானால் இப்போது வைரஸ் இருக்கிறதா?

20 மார்ச், காலை 6.50 · பங்சார் நடப்பவன்

உங்களைக் கலவரப்படுத்தக் கேட்கவில்லை, மன்னியுங்கள். எனக்கு இது நடந்தது, அதனால் கேட்டேன். எனக்கு 2022-இல் 64 என்று எண்ணே வந்தது. அதற்கு முன் நாலு வருடம் சுத்தம். அன்றிரவு வீட்டில் யாரிடமும் பேசவில்லை, தனியாக அறையில் படுத்தேன். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள், `Target Not Detected`. அதற்கப்புறம் எப்போதும் வரவில்லை. ஏன் வந்தது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

20 மார்ச், காலை 11.15 · பட்டர்வொர்த் அக்கா

இதை முன்பே நான் கேட்டிருக்க வேண்டும், சிடி4-இலேயே நின்றுவிட்டேன்.

அந்த இயந்திரம் 20-க்கு மேலே இருந்தால்தான் எண் சொல்லும். அதற்குக் கீழே அதற்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, எதுவுமே கண்ணில் படவில்லை. இன்னொன்று, ஏதோ ஒரு சுவடு பட்டது, எண்ணத்தக்க அளவு இல்லை. உங்கள் பிப்ரவரி தாள் இரண்டாவது. டாக்டர்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில்தான் போடுவார்கள்.

சுவடு எங்கிருந்து வருகிறது? மருந்து புதிதாகத் தொற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் மருந்து தொடங்கும் முன்பே வைரஸ் தன் மரபை எழுதி வைத்துவிட்ட டி அணுக்கள் சில உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். வருடக் கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்று விழித்தால் கொஞ்சம் வைரஸை வெளியே விடும், மருந்து இருப்பதால் அது அடுத்த அணுவுக்குள் பரவ முடியாமல் அங்கேயே முடிந்துபோகும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் குழாயில் சுவடு கிடைக்கும். ஒரே கையிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு குழாய் எடுத்தால் ஒன்று சுவடு காட்டும், மற்றது காட்டாது, அதுவும் நடக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் வைரஸ் திரும்பி எழுவதும் இந்தத் தூங்கும் அணுக்களிலிருந்துதான்.

பங்சார் தம்பியின் 64-ஐ டாக்டர்கள் பிளிப் என்பார்கள். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அடங்குவது. சில நேரம் அது குழாயின் குற்றமாகவும் இருக்கும். ரத்த அணுவையும் பிளாஸ்மாவையும் பிரிக்க அடியில் களிம்பு வைத்த ஒரு வகைக் குழாய் உண்டு. அதிலிருந்து பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு ஊற்றாமல் அப்படியே உறையவைத்தால், அணுக்களிலிருந்து கசிந்தது கலந்து பொய்யாக ஏற்றிக் காட்டும். கவலைப்பட வேண்டியது, எண் 200-ஐத் தாண்டி, மறுபடி எடுத்தும் தாண்டியே நின்றால். அப்போது மாத்திரை தவறுகிறதா, இரும்பு கால்சியம் ஏதாவது சேர்கிறதா, வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். வீட்டம்மாவுக்குச் சொல்லுங்கள், சுவடும் 64-உம் அந்த 200-க்கு எங்கோ கீழே.

20 மார்ச், இரவு 9.30 · ஜெலுத்தோங் மகள்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

எனக்கு 2013-இல் தெரிந்தது, நுரையீரல் பூஞ்சைத் தொற்றோடு ஐ.சி.யு.வில் படுத்த பிறகு. அப்போது என் சிடி4 19. பத்தொன்பது. 2014-இலிருந்து வைரல் லோடு கண்டறிய முடியாத அளவு, ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் சிடி4 இன்றைக்கும் 180, 205, 196 என்று இதற்குள்ளேயே சுற்றுகிறது. சதவீதம் 13, 14. நீங்கள் 289-க்குப் பயப்படுகிறீர்கள், நான் பதினொரு வருடமாக அந்த 289-ஐப் பார்த்ததே இல்லை. குறை சொல்லவில்லை அண்ணே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் கேள்வி வேறு. ஒவ்வொரு டாக்டரும் மருந்து சரியாக வேலை செய்கிறது என்கிறார். அப்படியானால் ஏன் ஏறவில்லை? ஏறுவதற்கு ஊசி ஏதாவது இல்லையா?

21 மார்ச், காலை 10.20 · பட்டர்வொர்த் அக்கா

மகளே, நீ சொல்வதை லேபில் பார்த்திருக்கிறேன், ஒரே பெயருக்கு வருடா வருடம் அதே எண்கள் வரும். மருந்து தன் வேலையைச் செய்கிறது. அதன் வேலை வைரஸை நிறுத்துவது, அணுவைப் பிறப்பிப்பது இல்லை. பிறப்பிக்க வேண்டியது உடம்பு. 19 வரை இறங்கியவர்களுக்கு டி அணுக்கள் வளரும் நிணநீர் முடிச்சுகள் தழும்பேறிப் போயிருக்கும், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியும் வயதாக ஆகச் சுருங்கும். தாமதமாகத் தெரிந்ததற்குக் கொடுக்கும் விலை அது, உன் தப்பு இல்லை.

ஊசி முயன்று பார்த்தார்கள். இன்டர்லூக்கின் 2 என்று ஒன்று. போட்டவர்களுக்கு எண் நன்றாகவே ஏறியது. ஆனால் எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2009-இல் வந்தபோது, எண் ஏறியவர்களுக்கு நோயும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. அதோடு விட்டுவிட்டார்கள். அதைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எண் ஏறினால் ஆள் நன்றாக இருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பதினொரு வருடத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தாயா?

21 மார்ச், இரவு 8.40 · ஜெலுத்தோங் மகள்

ஒருமுறை, டெங்கிக்கு. வேறு எதற்கும் இல்லை. வேலைக்குப் போகிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்.

கோ-ட்ரைமாக்சசோல் பற்றி யாராவது சொல்லுங்கள். பூஞ்சை மறுபடி வராமல் இருக்க இன்னும் தினம் எடுக்கிறேன். ஒரு டாக்டர், 200-க்கு மேலே மூன்று மாதம் நின்றால்தான் நிறுத்தலாம் என்கிறார். இன்னொருவர், வைரஸ் இத்தனை வருடம் அடங்கியிருந்தால் 100-க்கு மேலேயே நிறுத்தலாம் என்கிறார்.

21 மார்ச், இரவு 10.15 · கிள்ளான் 77

எனக்கு 200 தாண்டியதும் நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கும் 205 வந்திருக்கிறதே?

22 மார்ச், காலை 9.10 · பட்டர்வொர்த் அக்கா

205 ஒரு தடவை வந்தது, நிற்கவில்லை தம்பி. இரண்டு டாக்டர் சொன்னதற்கும் வழிகாட்டு ஏடுகளில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பூஞ்சையே வந்து ஐ.சி.யு. வரை போனவர் என்பதால் இவர் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பதும் நியாயம். இதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது, அந்த மாத்திரையால் உனக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா? தோல் அரிப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது? அதுவே வெள்ளணுவைக் கொஞ்சம் அழுத்தும் மருந்து. தொந்தரவு இல்லையென்றால் ஒரு விடை, இருந்தால் வேறு விடை. இரண்டு டாக்டரையும் ஒரே கோப்பில் எழுதச் சொல்.

10 மே 2025, இரவு 10.00 · செந்தூல்காரன்

நாள் ஆகிவிட்டது. மார்ச் கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிய டாக்டர் பையை வாங்கிப் பார்த்தார், கணினியில் ரத்த எண்ணிக்கையைத் திறந்தார், "இதை ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றார். நியாயம்தான், நான் வாய் திறக்கவே இல்லையே. அவரை முதல் பதிவில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 17 காலையில் ரத்தம் எடுத்தார்கள், காய்ச்சல் இருமல் எதுவும் இல்லாமல். நேற்று முன்தினம் ரிசல்ட். வெள்ளணு 5.9, லிம்போசைட் 29%, சிடி4 23%, எண்ணிக்கை 394. இந்தத் தடவை கணக்கை நானே போட்டேன்: 5,900-இல் 29 சதவீதம் 1,711, அதில் 23 சதவீதம் 394. வைரல் லோடு `Target Not Detected`.

மனைவி மூன்று தாளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் சிடி4 சதவீதத்தைப் பென்சிலால் வட்டம் போட்டாள், 22, 23, 23. "இது அசையவே இல்லையே" என்றாள். அதன் பிறகு நாங்கள் வேறு பேச்சு பேசினோம், ரொம்ப நாள் கழித்து.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வைரல் லோடு இப்படியே இருந்தால் இனி சிடி4-ஐ வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதுமாம். கேட்டவுடன் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கையிலிருந்து ஏதோ பிடுங்கியது போல இருந்தது. நாலு வருடம் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

11 மே, காலை 7.30 · பங்சார் நடப்பவன்

எனக்கும் வருடத்துக்கு ஒன்றுதான். முதல் வருடம் கஷ்டமாக இருந்தது.

11 மே, மதியம் 12.40 · கிள்ளான் 77

நல்ல செய்தி அண்ணே. எனக்கும் ஏப்ரலில் வந்தது, அந்த இரும்புக் குழப்பத்துக்குப் பிறகும் கண்டறிய முடியாத அளவுதான். தப்பித்தேன். பப்பாளிச் சாறு பற்றி அக்கா ஒன்றும் சொல்லவே இல்லை.

11 மே, மாலை 5.00 · பட்டர்வொர்த் அக்கா

டெங்கியில் அணுக்கள் காய்ச்சல் இறங்கியதும் தானாகவே ஏறும், தம்பி. நீ சாறு குடித்த அதே இரண்டு மூன்று நாளில்தான் ஏறும். எது ஏற்றியது என்று உன் ஒருவனை வைத்துச் சொல்ல முடியாது. சிடி4-ஐ ஏற்றும் என்று நான் எங்கும் பார்த்ததில்லை.

ஜெலுத்தோங் மகளே, என்ன ஆயிற்று?

13 மே, இரவு 9.20 · ஜெலுத்தோங் மகள்

போன வாரம் போனேன் அக்கா. சிடி4 201, சதவீதம் 14. பொட்டாசியம் கொஞ்சம் மேலே இருக்கிறது, ஆபத்தான அளவு இல்லை. இரண்டு டாக்டரும் கோப்பில் எழுதினார்கள், இன்னும் ஒத்துப்போகவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம், அதுவரை மாத்திரை தொடரட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன், கை இன்னும் வலிக்கிறது.

13 மே, இரவு 10.45 · செந்தூல்காரன்

உங்கள் ஆகஸ்டு எண்ணை இங்கே எழுதுங்கள் தங்கச்சி. காலையில் எடுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே நேரம். எனக்கு அடுத்த ரத்தம் அக்டோபர் 16. அந்த வாரம் இருமல் வந்தால் இந்தத் தடவை போன் பண்ணித் தேதியைத் தள்ளிவைப்பேன்.